முன்பின் தெரியாதவர் கண்ணில் உங்கள் லிங்க்ட்இன் பக்கம்

என் சித்தப்பா மகன் திருப்பூரில் பதினோரு வருடம் மெர்ச்சண்டைசராக இருந்தான். பையருக்கு மெயில் போடுவது, லேப் டிப் என்ற சாயத் துணி மாதிரியை அனுப்பிக் கலருக்கு ஒப்புதல் வாங்குவது, ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் தையல் யூனிட்டிலேயே போய் உட்கார்ந்துகொள்வது, இதுதான் அவன் பிழைப்பு. போன வருடம் வேலையை விட்டுவிட்டு, வெளிநாட்டு பிராண்டுகளுக்கு இங்கே உடுப்பு தைத்து வாங்கிக் கொடுக்கும் பையிங் ஏஜென்டாகச் சொந்தத் தொழில் தொடங்கினான். டென்மார்க், நெதர்லாந்து பக்கம் குழந்தைகள் உடுப்பு விற்கும் சின்ன பிராண்டுகளை லிங்க்ட்இன்னில் தேடிப் பிடித்து, நாற்பது பேருக்கு இணைப்பு கேட்டு அனுப்பினான். இரண்டு பேர் ஏற்றார்கள். அதில் ஒருவர் அவனைப் போலவே ஆர்டர் தேடும் இன்னொரு ஏஜென்ட்.

"ஏனுங்ணா, என் புரொஃபைல்ல என்னதான் குறை?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைக் கையில் கொடுத்தான். நான் கோவையில் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவன். தினமும் முன்பின் தெரியாதவர்களின் பக்கங்களைப் பார்த்து, இவரைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதே தொழில். அன்று அவன் பக்கத்தை நாங்கள் பிரித்து மேய்ந்த கதையை வைத்தே இதை விளக்கிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. உங்கள் பக்கத்துக்கு வரும் அந்நியர் உங்கள் திறமையை எடைபோட வருவதில்லை. அதற்கெல்லாம் அவருக்குப் பொறுமை கிடையாது. வாடகைக்கு வீடு கேட்டு வருபவரை வாசலில் நிற்க வைத்தே ஒரு பார்வை பார்ப்போமே, அந்தப் பார்வைதான். இவர் நிஜமான ஆள்தானா? சொல்கிற தொழிலில்தான் இருக்கிறாரா? இங்கே சொல்வதும் அங்கே சொல்வதும் ஒத்துப்போகிறதா? இந்த மூன்றுக்கும் மறுப்பு வராவிட்டால் போதும், அடுத்த வரியைப் படிப்பார்.

அந்தப் பார்வை படிப்படியாக விழுகிறது. இணைப்பு கேட்டு நீங்கள் அனுப்பும்போது அவருக்குத் தெரிவது ஒரு சின்ன வட்டத்தில் உங்கள் முகம், பெயர், அதன் கீழே தலைப்பு வரி. பக்கத்தின் உச்சியில் நீளமாக நிற்கும் பேனர் படம் அங்கே வராது. அந்த வட்டத்தைத் தட்டி உள்ளே வந்தால்தான் பேனரும் முதல் திரையும். அதற்கும் கீழே உருட்டினால்தான் உங்கள் அனுபவம், படிப்பு எல்லாம். பெரும்பாலானோர் பேனருக்காக மெனக்கெட்டு, வாசல் கதவான வட்டத்தைக் கோட்டை விடுகிறார்கள். தம்பியும் அப்படித்தான்.

வட்டத்துக்குள் ஒரு முகம்

அவன் போட்டிருந்தது பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. நம்மூர் ஸ்டுடியோக்காரர் கைவண்ணம்: நீலப் பின்னணி, கம்ப்யூட்டரில் ஒட்டிய கோட்டும் டையும், இரண்டு சுற்று வெளுக்க வைத்த முகம். கழுத்து ஒரு நிறம், கன்னம் ஒரு நிறம். கோட்டின் காலர் கழுத்தோடு சேரும் இடத்தில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு. அவன் வாழ்நாளில் கோட் போட்டது கல்யாண ரிசப்ஷனில் மட்டும்தான்.

"கோட் போட்டா மரியாதையா இருக்குமுன்னு நினைச்சனுங்ணா."

மரியாதை இருக்கட்டும், ஒட்டிய கோட் என்று தெரிந்துவிட்டால் பார்ப்பவர் மனத்தில் எழும் கேள்வி வேறு. இதையே ஒட்டியிருக்கிறாரே, இன்னும் எதையெல்லாம் ஒட்டியிருப்பார்? இன்னொரு ஆபத்து, நாளைக்கு வீடியோ காலில் வரும் முகம் இந்தப் படத்து முகமாக இருக்காது. நம்பிக்கை அந்த நொடியில் கொஞ்சம் இறங்கும்.

முகம் பற்றி இரண்டு ஆய்வுகளைச் சொல்லியாக வேண்டும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜேனின் வில்லிஸும் அலெக்ஸாண்டர் டோடரோவும் 2006-இல் வெளியிட்டது முதலாவது. முன்பின் தெரியாத முகங்களை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, நம்பகமானவரா, திறமைசாலியா என்று கேட்டார்கள். நேர வரம்பே இல்லாமல் பார்த்தவர்கள் சொன்ன பதிலோடு இவர்கள் பதில் பெரிதும் ஒத்துப்போனது. கூடுதல் நேரம் கொடுத்தால் தன் முடிவின் மேல் பிடிப்புதான் கூடியதே தவிர முடிவு அவ்வளவாக மாறவில்லை. அந்த முடிவு சரியா என்பது வேறு விஷயம். 2014-இல் அதே டோடரோவும் ஜென்னி போர்ட்டரும் இன்னொன்றைக் காட்டினார்கள்: ஒரே ஆளின் வெவ்வேறு படங்களைப் பார்த்தவர்கள் அவரைப் பற்றி வெவ்வேறு விதமாக நினைத்தார்கள். அதாவது அந்நியர் எடைபோடுவது உங்களை இல்லை, அந்த ஒரு படத்தை. இது அநியாயம்தான். ஆனால் படத்தை மாற்றுவது நம் கையில் இருக்கிறது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

சரி, எப்படி எடுப்பது? தம்பியை வீட்டு ஜன்னல் பக்கம் நிறுத்தினேன். காலை பத்து மணி, வெயில் நேரடியாக விழாத ஜன்னல். முகத்தை ஜன்னலுக்கு நேராகக் காட்டாமல் சற்றுச் சாய்வாகத் திருப்பச் சொன்னேன். ஒரு கன்னத்தில் வெளிச்சம் முழுதாகவும் மறு கன்னத்தில் கொஞ்சம் குறைவாகவும் விழுந்தால் முகத்துக்கு உருவம் வரும். தலைக்கு மேலே எரியும் டியூப்லைட்டை அணைத்துவிட்டேன். மேலிருந்து விழும் வெளிச்சம் கண்குழியில் நிழல் கட்டிவிடும். தூங்காதவன் போலவோ எதையோ மறைப்பவன் போலவோ தெரியும்.

பின்னணி விஷயத்தில் நம்மவர்களுக்கு என்று ஒரு சிக்கல் உண்டு. வெள்ளைச் சுவர் முன்னால் மாநிறமோ கறுப்போ உள்ள முகத்தை நிறுத்தினால், கேமரா அந்தச் சுவரின் வெளிச்சத்தைப் பார்த்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கப் பார்க்கும். முகத்தில் கண்ணும் வாயும் தெரியாமல் போகும். உடனே நாம் செய்வது பியூட்டி மோடைப் போட்டு வெளுக்க வைப்பது. தேவையே இல்லை. திரையில் முகத்தின் மேல் விரலால் ஒரு தட்டு தட்டினால் கேமரா முகத்துக்கான வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளும். வெள்ளைக்குப் பதில் சாம்பல், மங்கிய பச்சை, செங்கல் மாதிரிச் சுவர் கிடைத்தால் இன்னும் நல்லது. தம்பிக்குக் கிடைத்தது எங்கள் வீட்டுப் பின்கட்டின் சிமென்ட் பூச்சுச் சுவர். பிரமாதமாக வந்தது.

செல்ஃபி மட்டும் வேண்டாம். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018-இல் கணக்குப் போட்டே காட்டினார்கள். ஒரு அடி தூரத்தில் எடுத்த படத்தில், ஐந்து அடியில் எடுத்ததைவிட மூக்கின் அடிப்பாகம் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும். மூக்கு கேமராவுக்குப் பக்கத்திலும் காது தூரத்திலும் இருப்பதால் வருகிற வினை. போனின் பின்பக்கக் கேமராவை இன்னொருவர் கையில் கொடுத்து, ஐந்து அடி தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

வெட்டும்போது ஒரு கணக்கு. லிங்க்ட்இன் உங்கள் சதுரப் படத்தை வட்டமாகக் காட்டுகிறது. சதுரத்துக்குள் வட்டம் போட்டால் நான்கு மூலையிலும் சேர்த்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஆகவே தலை உச்சிக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு, கீழே மார்பின் மேற்பகுதி வரை வைத்து, முகம் படத்தில் பாதிக்குச் சற்று அதிகமாக வரும்படி வெட்டுங்கள். பைக்கில் சாய்ந்து நிற்கும் முழு உருவப் படம் உள்ளே வந்தவருக்கு ஒருவேளை பிடிக்கலாம். ஆனால் இணைப்புக் கோரிக்கைப் பட்டியலில் அந்த வட்டம் நம் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதில் பைக் தெரியும், ஆள் தெரியாது. குரூப் போட்டோவில் இருந்து வெட்டியதில் தோளில் கிடக்கும் யாரோ ஒருவர் கை, அதுவும் வேண்டாம்.

உடை? அந்தத் தொழிலில் வேலை நாளில் என்ன போடுவீர்களோ அது. தம்பிக்கு இஸ்திரி போட்ட காலர் சட்டை. வக்கீலுக்குக் கறுப்புக் கோட் பொருந்தும், பின்னலாடை ஏஜென்டுக்குப் பொருந்தாது.

எந்தப் படம் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள்

பதினைந்து படம் எடுத்தோம். தம்பி ஒன்றைப் பிடித்துக்கொண்டான்: உதட்டை இறுக்கி, கண்ணைச் சற்று இடுக்கி, தெலுங்குப் பட வில்லன் சாயலில். "இதுலதானுங்ணா ஒரு கெத்து இருக்குது."

இங்கேதான் இன்னொரு ஆய்வு எனக்குக் கைகொடுத்தது. சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஒயிட்டும் அவர் குழுவும் 2017-இல் செய்தது. 102 மாணவர்கள், ஆளுக்குப் பன்னிரண்டு சொந்தப் படங்கள். எதை முகப்புப் படமாக வைப்பீர்கள் என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அவர்களை அறியாத அந்நியர்களிடமும் அதே படங்களைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பிறகு மூன்றாவதாக இன்னொரு கூட்டத்திடம் மதிப்பெண் போடச் சொன்னபோது, அந்நியர் தேர்ந்த படங்களே சொந்தக்காரர் தேர்ந்ததைவிட நல்ல பெயர் வாங்கின. நம் முகத்தை நாமே கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, அடுத்தவர் கண்ணுக்கு என்ன தெரியும் என்பது நமக்கு மறந்துபோகிறது போலும்.

அதனால் ஐந்து படங்களை எடுத்து, தம்பியை அறியாத என் ஆபீஸ்காரர் மூன்று பேருக்கு அனுப்பினேன். "எது அழகு?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் அழகைத்தான் சொல்வார்கள். "இந்த ஆளிடம் சாம்பிளுக்கு முன்பணம் அனுப்ப வேண்டும், எந்தப் படத்தைப் பார்த்தால் அனுப்புவீர்கள்?" என்று கேட்டேன். இரண்டு பேர் ஒரே படத்தைச் சொன்னார்கள்: கேமராவை நேராகப் பார்த்து, பல் லேசாகத் தெரியச் சிரித்தது. படம் எடுத்துக்கொண்டிருந்த என் மகள் ஏதோ சொல்ல, அவன் அறியாமல் சிரித்த நொடி அது. வில்லன் படத்துக்கு ஒரு ஓட்டும் விழவில்லை. மூன்று பேர் ஆய்வாகிவிட மாட்டார்கள், தெரியும். ஆனால் ஒருவனே முடிவெடுப்பதைவிட மேல்.

பேனர் என்ற நீளத் துண்டு

தம்பியின் பேனரில் சூரியோதயம், அதன் மேல் முன்னேற்றம் பற்றி ஓர் ஆங்கிலப் பொன்மொழி, ஓரத்தில் ஜவுளிச் சான்றிதழ்களின் லோகோ நான்கு. மூன்றும் சேர்ந்து ஒரே பேனரில்.

சூரியோதயம் யாருடைய பக்கத்திலும் இருக்கலாம், எல்ஐசி ஏஜென்ட் முதல் யோகா டீச்சர் வரை. அது பொய் சொல்லவில்லை, எதுவுமே சொல்லவில்லை. பேனர் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: வட்டத்தில் இருக்கும் இந்த முகம் எங்கே, எதன் நடுவில் வேலை செய்கிறது என்று காட்டுவது. அந்தத் தொழில் தெரிந்த அந்நியர் பார்த்த மாத்திரத்தில் தலையசைக்க வேண்டும்.

தம்பிக்கு நான் கேட்ட கேள்வி, "நீ தினமும் கையால தொடற சாமான் என்ன?" அவன் யோசிக்காமல் சொன்னான்: ஜி.எஸ்.எம். கட்டர். துணியின் மேல் வைத்து அழுத்திச் சுற்றினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் ஒன்றை வெட்டித் தரும் சின்னக் கருவி. அந்த வட்டத்தைத் தராசில் வைத்து, வரும் கிராமை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. 1.6 கிராம் வந்தால் 160 ஜி.எஸ்.எம். குழந்தைகள் உடுப்பு வாங்கும் எந்த பையருக்கும் இது அன்றாடம். மேசை மேல் கட்டர், பக்கத்தில் தராசு, வெட்டிப் போட்ட நாலைந்து கலர் வட்டங்கள், பின்னால் மங்கலாகத் துணி ரோல்கள். இதைவிட என்ன பேனர் வேண்டும்?

எடுக்கும்போது அளவை மனத்தில் வைக்க வேண்டும். லிங்க்ட்இன் கேட்பது 1584 பிக்சல் அகலம், 396 உயரம். நான்குக்கு ஒன்று. போனைப் படுக்கவைத்து எடுக்கும் படம் பெரும்பாலும் நான்குக்கு மூன்று. ஆக, உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். மேலும் கீழும் வெட்டுப்படும் என்று தெரிந்தே, சொல்ல வந்தது ஒரே கிடைக்கோட்டில் வரும்படி சாமானை அடுக்கி, சற்றுத் தள்ளி நின்று எடுக்க வேண்டும். இடது பக்கக் கீழ்ப்பகுதியை உங்கள் முக வட்டம் மறைத்துக்கொள்ளும். போனில் பார்த்தால் இன்னும் அதிகமாக மறைக்கும். எனவே கட்டர் வலது பாதியில். முதல் தடவை நாங்கள் அதை இடதில் வைத்து, தராசு தம்பியின் காதிலிருந்து முளைத்தது போல் ஆகிவிட்டது. மறுபடி எடுத்தோம்.

எழுத்து போடலாமா? ஏழு சென்டிமீட்டர் அகலப் போன் திரையில் பேனரின் உயரம் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர். நம் ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்ப் அளவு. அதில் பொன்மொழி, போன் நம்பர், வெப்சைட், ஐந்து சேவைகள் என்று அடைத்தால் பார்ப்பவருக்குப் படிக்க வராது, பரபரப்புதான் தெரியும். மூன்று நான்கு சொல்லுக்கு மேல் வேண்டாம். நாங்கள் ஒன்றுமே போடவில்லை.

ஃபேக்டரியில் படம் எடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தம்பியின் முதல் யோசனை, பழைய கம்பெனியின் தையல் லைனில் அவன் நிற்கும் படம். உற்றுப் பார்த்தால் மேசையில் ஒரு பையரின் பிராண்ட் லேபிள் தெளிவாகத் தெரிந்தது. அவனுக்கு அது பெருமை, 'பார், இவ்வளவு பெரிய பிராண்டுக்கு வேலை செய்தவன்' என்று. வரப்போகும் பையருக்கோ அது வயிற்றைக் கலக்கும். அடுத்தவன் டிசைனை ஊருக்குக் காட்டுகிறவன் நாளைக்கு என் டிசைனையும் காட்டுவான். அதே தொழிலில் உள்ளவர் எதைக் கண்டு முகம் சுளிப்பார் என்பது வெளியே இருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

லோகோ ஒட்டினால் நம்புவார்களா

நான்கு லோகோ விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தம்பி விடவில்லை. "எல்லாரும் போடறாங்களேங்ணா!"

எல்லாரும் போடுவதுதான் பிரச்சினை. மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1973-இல் வேலைச் சந்தையை வைத்து இதை விளக்கினார். 2001-இல் பொருளாதார நோபல் பரிசு வாங்கிய மூவரில் ஒருவர். அவர் சொன்னதன் சாரம்: ஓர் அடையாளம் நம்பிக்கை தர வேண்டுமானால், தகுதி இல்லாதவருக்கு அதைக் காட்டுவது தகுதி உள்ளவரைவிடக் கடினமாக இருக்க வேண்டும். இருவருக்கும் ஒரே சுலபம் என்றால் அதைப் பார்த்து யார் எவர் என்று பிரிக்க முடியாது. லோகோவை இணையத்திலிருந்து எடுத்து ஒட்ட இரண்டு நிமிடம் போதும், சான்றிதழ் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும்.

பையர் பார்ப்பது லோகோவை இல்லை, நம்பரை. துணியில் கெடுதலான ரசாயனம் இருக்கிறதா என்று சோதித்துத் தரும் ஓக்கோ-டெக்ஸ் லேபிளில் ஒரு நம்பர் இருக்கும், அவர்கள் தளத்திலேயே போட்டுச் சரிபார்க்கலாம். ஆர்கானிக் துணிக்கான காட்ஸ் சான்றிதழ் வைத்திருக்கும் நிறுவனங்களையும் அவர்களின் பொதுப் பட்டியலில் தேடலாம். தம்பி பெயரில் எந்தச் சான்றிதழும் கிடையாது. அவன் வேலை கொடுக்கும் தையல் யூனிட்டுக்குத்தான் இருக்கிறது. லோகோவைப் பார்த்து ஒருவர் அவன் பெயரைத் தேடி, பட்டியலில் காணாவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. அதனால் நான்கையும் எடுத்துவிட்டோம். அறிமுகப் பகுதியில் ஒரே வரி: காட்ஸ் சான்றிதழ் பெற்ற யூனிட்டில் தைக்கிறோம், யூனிட்டின் பெயரும் சான்றிதழ் எண்ணும் கேட்டால் தருகிறோம். லோகோவைவிட அடக்கமாக இருக்கிறது, ஆனால் சரிபார்க்க முடிகிறது.

முகப்படம், பேனர் இரண்டுமே இதே கணக்கில் மலிவான அடையாளங்கள்தான். நல்ல போட்டோ மோசடிக்காரரும் வைத்திருப்பார். அதனால்தான் அவை கதவைத் திறக்கும், அதற்கு மேல் போகாது. மலிவில்லாத ஒன்று லிங்க்ட்இன் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தியாவில் டிஜிலாக்கரில் உள்ள ஆதார் மூலம் உங்கள் அடையாளத்தை இலவசமாக உறுதிப்படுத்திக்கொள்ளலாம், பெயர் பக்கத்தில் சின்ன டிக் வரும். ஆதாரில் இருக்கும் பெயரும் பக்கத்தில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். இனிஷியல் போடும் நம்மவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். தம்பிக்கு லிங்க்ட்இன்னில் வெறும் பெயர், மெயிலில் இனிஷியல் முன்னால், விசிட்டிங் கார்டில் அப்பா பெயர் பின்னால் என்று மூன்று விதம். மூன்றையும் ஒன்றாக்கினோம்.

கீழே உருட்டுகிறவருக்கு

லிங்க்ட்இன்னில் பக்க அமைப்பை நாம் பெரிதாக மாற்ற முடியாது. எந்தப் பகுதி எதற்குப் பின்னால் என்பதை அவர்கள் ஏற்கெனவே வகுத்துவிட்டார்கள். நம் கையில் இருப்பது மேலே எதை வைப்பது, எதை எடுத்துவிடுவது, எது ஒன்றுக்கொன்று முட்டாமல் இருப்பது.

தலைப்பு வரியில் 220 எழுத்து வரை போகலாம். ஆனால் கோரிக்கைப் பட்டியலில் அது பாதியிலேயே வெட்டுப்படும். தம்பியின் பழைய வரி 'ஃபவுண்டர் அண்ட் சி.இ.ஓ., விஷனரி, பேஷனேட் லீடர்' என்று ஆரம்பித்து, பின்னலாடை என்ற சொல் கடைசியில் வந்தது. வெட்டுப்பட்ட பிறகு மிஞ்சியது தொழில் என்னவென்றே தெரியாத ஒரு சி.இ.ஓ. ஆளில்லாத கம்பெனிக்கு சி.இ.ஓ. என்பதும் உறுத்தும். இப்போது முதல் சொல்லே பின்னலாடை, அடுத்து குழந்தைகள் உடுப்பு, அடுத்து திருப்பூர், பையிங் ஏஜென்ட் என்று இருக்கிறது. அறிமுகப் பகுதியிலும் இதே கதைதான். முதல் மூன்று வரிக்குப் பிறகு 'மேலும் பார்க்க' வந்துவிடும். 'வணக்கம், நான்...' என்று தொடங்கி மூன்று வரியை வீணடிக்காமல், என்ன உடுப்பு, குறைந்தபட்சம் எத்தனை பீஸ், எந்த ஊரில் என்று போட்டோம்.

அனுபவப் பகுதியில் இரண்டு ஓட்டை இருந்தது. ஒன்று, பழைய கம்பெனிகளுக்கு லோகோ வராமல் சாம்பல் நிறக் கட்டடப் படம் மட்டும் நின்றது. கம்பெனிப் பெயரை டைப் செய்யும்போது கீழே விரியும் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்காமல் தானாக எழுதிவிட்டால் இப்படித்தான் ஆகும். மூன்று கம்பெனியும் சாம்பலாக இருந்தால், அப்படிக் கம்பெனியே இல்லையோ என்று தோன்றும். இரண்டு கம்பெனிக்குப் பக்கம் இருந்தது, தேர்ந்தெடுத்ததும் லோகோ வந்துவிட்டது. மூன்றாவது கம்பெனிக்கு லிங்க்ட்இன் பக்கமே கிடையாது. அது சாம்பலாகவே இருக்கட்டும் என்று விட்டோம். இன்னொரு ஓட்டை பெரியது. வேலையை விட்டவன் அங்கே முடிந்த தேதி போடவில்லை. பக்கத்தைப் பார்ப்பவருக்கு அவன் இன்றும் அந்தக் கம்பெனியில் இருந்துகொண்டே பக்கத்தில் சொந்த வியாபாரம் பார்ப்பதாகத் தெரியும். முதலாளிக்குத் தெரியாமல் ஆர்டரைத் திருப்பிவிடும் ஆள் என்று ஒரு பையர் நினைத்திருந்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நாற்பது பேரில் எத்தனை பேரை இந்த ஒரு தேதி விரட்டியதோ.

'எக்செல்', 'லீடர்ஷிப்', 'டீம் ஒர்க்' என்று முப்பது திறன் அடுக்கியிருந்தான். பத்துக்குக் குறைத்து, துணி, கலர், தரச் சோதனை தொடர்பானவற்றை மேலே ஏற்றினோம். அதற்கு மேல் அதில் மண்டையை உடைக்க ஒன்றுமில்லை.

"பேசாம புது அக்கவுண்ட் ஒண்ணு ஆரம்பிச்சுட்டா என்னங்ணா?" என்றான் நடுவில். வேண்டவே வேண்டாம் என்றேன். எவருடைய பக்கத்திலும் `More` பொத்தானைத் தட்டினால் `About this profile` என்று ஒன்று வரும். அந்த அக்கவுண்ட் எந்த மாதம், எந்த வருடம் தொடங்கியது, முகப்படம் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதெல்லாம் அங்கே இருக்கும். தம்பியுடையது 2014. பளபளவென்ற படத்தோடு போன மாதம் பிறந்த அக்கவுண்டை நானே இரண்டு தடவை யோசித்துத்தான் திறப்பேன். பத்து வருடப் பழைய அக்கவுண்டை யாரும் காசு கொடுத்து உடனே தயாரிக்க முடியாது.

எல்லாம் முடித்துவிட்டு என் போனில், லாகின் செய்யாத பிரவுசரில் அவன் பக்கத்தைத் திறந்தோம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் பொம்மை உருவம்! படம் யாருக்குத் தெரிய வேண்டும் என்பதற்குத் தனி அமைப்பு உண்டு. அவனுடையது, ஏற்கெனவே இணைப்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று எந்தக் காலத்திலோ போட்டு மறந்தது. ஆக, அந்த நாற்பது பேரும் ஒட்டிய கோட்டைக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது முகமே இல்லாத ஒரு சி.இ.ஓ. இதை நான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். உங்கள் பக்கத்தைச் சீர்செய்ய உட்கார்ந்தால் எடுத்ததும் இதைச் செய்யுங்கள்: வேறொருவர் போனில், லாகின் இல்லாமல் ஒருமுறை, உங்களோடு இணைப்பில் இல்லாத ஒருவரின் அக்கவுண்டிலிருந்து ஒருமுறை.

பெண்கள் பலர் தெரிந்தேதான் படத்தை மறைத்து வைக்கிறார்கள், வரும் தொல்லைச் செய்திகளைப் பார்த்தால் அதில் தப்பே சொல்ல முடியாது. லிங்க்ட்இன் உறுப்பினர் அனைவருக்கும் தெரியட்டும், வெளியே தேடுகிறவர்களுக்கு வேண்டாம் என்று நடுவாந்தரமாகவும் ஓர் அமைப்பு இருக்கிறது. தொழில் விஷயமாகத் தேடுகிறவர் பெரும்பாலும் லாகின் செய்துதான் வருவார் என்பதால் அதுவே போதும்.

தம்பி அடுத்த வாரம் இன்னும் இருபது பேருக்கு அனுப்பினான். ஆறு பேர் ஏற்றார்கள். அது படத்தாலா, தேதியாலா, தலைப்பு வரியாலா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டோமே. அதில் ஒரு டச்சுக்காரர் மட்டும் திரும்ப எழுதினார். பேனரில் இருக்கிற கடுகு மஞ்சள் வட்டம் எத்தனை ஜி.எஸ்.எம்., அந்தத் துணியில் முந்நூறு பீஸ் முடியுமா என்று.

சித்திக்குத்தான் மனசே ஆறவில்லை. புதுப் படத்தைப் பார்த்துவிட்டு எனக்கே போன் போட்டார். "ஏஞ்சாமி, அந்தக் கோட் படம் எவ்வளவு செவப்பா, லட்சணமா இருந்துச்சு. அதை எதுக்கு எடுக்கச் சொன்னே?"